விறகடுப்புப் புகையால் கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும்: சமையலறையில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

கேஸ் இணைப்பு இருக்கிற வீடுகளிலும் விறகடுப்பு இன்னும் எரிகிறது. சோறும் குழம்பும் கேஸில் ஆனாலும் வெந்நீர், மாட்டுத் தீவனம், நெல் அவிப்பது, விசேஷச் சமையல் எல்லாம் விறகில்தான். அடுப்பு முன்னால் உட்காருகிற பெண்களைக் கேட்டால் "கண்ணு கரிக்குது, தொண்டை கமறுது" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே "அது எப்பவும் உள்ளதுதான்" என்று விட்டுவிடுவார்கள். தாங்கிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. பெரும்பாலான வீடுகளில் கொத்தனாரின் ஒன்றிரண்டு நாள் வேலையில் இதை நன்றாகவே குறைக்கலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஜன்னலைத் தவறான இடத்தில் வைத்தால் புகை கூடத்தான் செய்யும்.

முதலில்: இது புகையால் வருவதுதானா?

விறகு முழுதாக எரியாதபோது நுண்ணிய கரித்துகளோடு ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற வாயுக்களும் வருகின்றன. கண்ணில் நீர் வரவைப்பதும் தொண்டையை உலர்த்தி அரிக்க வைப்பதும் பெரும்பாலும் இந்த வாயுக்கள்தான். அதனால்தான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாலும் எரிச்சல் நிற்பதில்லை. துணி கொஞ்சம் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. துணியை நனைத்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

புகையால் வரும் எரிச்சல் அடுப்பு பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் தொடங்கும். சமையல் முடிந்து வெளியே வந்தால் ஓரிரு மணி நேரத்தில் தணியும். விசேஷத்துக்கு ஊருக்குப் போய் நாலு நாள் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்தால் கண்ணும் தொண்டையும் நன்றாக இருக்கும், திரும்பி வந்த மறுநாளே ஆரம்பிக்கும். இந்தப் போக்கு இருந்தால் காரணம் சமையலறைதான். மிளகாய் வறுக்கும்போது மட்டும் இருமல் வருகிறதென்றால் அது வேறு: மிளகாய் நெடியே அதற்குப் போதும். அந்த வேலையை மட்டும் வாசலுக்கோ கொல்லைக்கோ மாற்றினால் சரியாகிவிடும்.

கீழே சொல்பவற்றைப் புகையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கண்ணில் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுவது, பார்வை மங்குவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ் இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்க்கான அந்தச் சோதனை அரசு நிலையங்களில் இலவசம். சளியில் ரத்தம், நடந்தால் மூச்சு வாங்குவது, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருப்பது, விழுங்கச் சிரமம் இவற்றுக்கும் தாமதிக்க வேண்டாம். பல வருடம் விறகடுப்பில் சமைத்தவர்களுக்குக் கண்புரை வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே நாற்பது தாண்டியவர்கள் "புகை மாதிரி தெரியுது" என்றால் அதையும் பரிசோதிக்க வேண்டும்.

அன்றாட எரிச்சலுக்குச் சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவுவதும், அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் தொண்டையைக் கொப்பளிப்பதும் போதும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதையும் கண்ணில் விட வேண்டாம். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் சொட்டு மருந்து அதைவிட மோசம். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கண் உடனே தெளிந்த மாதிரி இருக்கும், மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்த நோயும் புரையும் வரும்.

புகையை அடுப்பிலேயே குறைப்பது

காற்றோட்டத்துக்குப் போகுமுன் விறகைப் பார்க்க வேண்டும். ஈர விறகுக்கு எந்தப் புகைபோக்கியும் ஈடு கொடுக்காது. வெட்டின பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாவதால் நெருப்பு குளிர்ந்து, எரியாத வாயுவெல்லாம் புகையாக வெளியேறுகிறது. விறகின் வெட்டு முனையில் நுரை தள்ளினாலோ 'உஸ்' என்று சத்தம் வந்தாலோ அது ஈரம்.

சீமைக்கருவேலமோ வேம்போ, எதுவானாலும் பங்குனி, சித்திரையிலேயே பிளந்துவிட வேண்டும். முழுக்கட்டையாகக் கிடந்தால் மாதக்கணக்கில் உள்ளே காயாது. செங்கல் மேல் அடுக்கி, தரையோடு ஒட்டாமல், மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டு, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். பக்கத்தையும் மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டில் அடையாளம் வைத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுங்கள். எடை இன்னும் குறைந்துகொண்டே வந்தால் அது காயவில்லை.

பற்றவைக்கிற முதல் பத்து நிமிடமும் அணைந்துபோய் மறுபடி ஊதுகிற நேரமும்தான் புகை உச்சத்தில் இருக்கும். காய்ந்த தென்னம்பாளை, பன்னாடை, மெல்லிய சுள்ளி இவற்றைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துச் சட்டென்று நெருப்பாக்கிவிட்டு, பிறகு கட்டைவிரல் பருமனுள்ள விறகைக் கொடுங்கள். பாலித்தீன் கவரைக் கொளுத்திப் பற்றவைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. கண்ணுக்கும் தொண்டைக்கும் அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஊதாங்குழல் இரண்டு அடியாவது நீளமாக இருக்கட்டும். முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்துக்கொண்டு பிறகு ஊத வேண்டும்.

அடுப்புக்குள் விறகு சாம்பல் மேல் படுத்திருந்தால் அடியில் காற்று போகாது. பழைய இரும்புக் கம்பிகள் நாலைந்தைக் குறுக்கே பதித்து, விறகைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கிவிட்டால் போதும், அடியிலிருந்து காற்று ஏறிச் சுடர் தெளியும். தினமும் சாம்பலை அள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த இடைவெளி தூர்ந்துவிடும்.

புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது

சூடான புகை மேலே ஏறும். கூரையை முட்டும். அங்கே வழியில்லையென்றால் கூரையடியில் நிரம்பி, குளிர்ந்து, மெல்லக் கீழே இறங்கி நின்றுகொண்டிருப்பவர் முகத்துக்கு வரும். நம் ஜன்னல்கள் இடுப்பு உயரத்தில் தொடங்கித் தலை உயரத்தில் முடிகின்றன. அதற்கு மேல் இருக்கிற மூன்று நான்கு அடிப் புகை அந்த ஜன்னல் வழியே போகாது. ஆகவே கணக்கு இதுதான்: அடுப்புக்கு நேர் மேலே, கூரையை ஒட்டிப் புகை வெளியேற வழி வேண்டும். தாழ்வாக, வேறொரு பக்கத்தில், புதுக்காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் மற்றது வேலை செய்யாது.

இடிக்கத் தொடங்குமுன் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பருகே, வாசலில், ஜன்னலில், கூரையடியில் என்று ஒவ்வோர் இடமாகப் பிடித்துப் பாருங்கள். காற்று உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்பது அப்படியே தெரியும். காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். முடிந்தால் ஆடிக் காற்றில் ஒரு தடவையும் ஐப்பசியில் ஒரு தடவையும். தமிழ்நாட்டில் இது முக்கியம். ஆனி, ஆடியில் மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும். ஆடியில் புகையை வெளியே இழுத்த ஜன்னலே கார்த்திகையில் புகையை முகத்தில் கொண்டுவந்து அடிக்கும்.

சமைப்பவருக்கு நேர் பின்னாலிருந்து வரும் காற்று நல்லது என்று தோன்றும். உண்மையில் ஓடும் காற்று உடம்பில் மோதிப் பிரிந்து, முன்பக்கம் சுழலாகத் திரும்பும். அந்தச் சுழல் புகையை முகத்துக்கு இழுக்கும். காற்று பக்கவாட்டிலிருந்து வரும்படி உட்காருவதோ அடுப்பைத் திருப்புவதோதான் மேல். அடுப்பைத் திருப்பச் செலவே கிடையாது.

மேலே வழி திறப்பது

நாட்டு ஓட்டுக் கூரையில் அடுப்புக்கு மேலே சில ஓடுகளை எடுத்துவிட்டு, ஓர் அடி உயரத்தில் சின்னக் கூரை போட்ட புகைக்கூண்டு வைப்பது பழைய முறை. இன்னும் நல்ல முறை அதுதான். மழை உள்ளே வராது, பக்கங்களில் புகை போகும். சுவர் வீட்டில் கூரையை ஒட்டி, அடுப்புக்கு மிக அருகே உள்ள சுவரில் சிமெண்ட் ஜாலி பதிக்கலாம். ஒன்றரை அடிக்கு ஓர் அடி என்ற அளவில் இரண்டு வேண்டும், முடிந்தால் இரண்டு வெவ்வேறு சுவர்களில். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒன்றாவது மறைவில் இருக்கும். கொசுவலை அடிப்பதாக இருந்தால் அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும், எண்ணெய்ப் புகைக்கரி ஒட்டிச் சீக்கிரமே அடைத்துவிடும். பெரிய கண்ணுள்ள கோழிக்கம்பி வலையே மேல்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் ஓட்டை போட வேண்டாம். வெட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துக் கெடுதல் செய்யும். அந்த வீடுகளில் எல்லா வழியையும் சுவரிலேயே எடுக்க வேண்டும். கீற்றுக் கூரைக்குள் சூடான குழாயைக் கொண்டுபோவதும் கூடாது, தீப்பிடிக்கும்.

புகைபோக்கியும் கூண்டும்

மேலே திறந்த வழி மட்டும் இருந்தால் புகை அறையைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். புகைபோக்கி வைத்த அடுப்பில் அது அறைக்குள் வராமலே போகும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உருவான ஆஸ்த்ரா ஒலே இந்த வகைதான்: மூன்று பாத்திரம் வைக்கும் அடுப்பு, பின்னால் குழாய். குழாய் நாலங்குல விட்டமாவது இருக்க வேண்டும், முடிந்தவரை நேராக ஏற வேண்டும். கூரையைத் தாண்டுமிடத்திலிருந்து மூன்று அடி உயரமும், பத்தடிக்குள் இருக்கும் எதையும்விட இரண்டு அடி உயரமும் இருந்தால் காற்று புகையைத் திருப்பித் தள்ளாது. பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகி விஷப்புகை விடும்.

இந்த அடுப்பில் பாத்திரம் வாயை முழுதாக மூடி உட்கார வேண்டும். ஒரு வாயில் பாத்திரம் இல்லையென்றால் மண் மூடி போட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் இழுப்பதெல்லாம் அந்த ஓட்டைக் காற்றைத்தான். காலையில் குழாய் குளிர்ந்திருக்கும்போது புகை முன்பக்கம் திரும்பும். குழாயடியில் ஒரு கைப்பிடி பன்னாடையை எரித்தால் குழாய் சூடாகி இழுக்கத் தொடங்கும்.

புகைபோக்கியின் பலவீனம் பராமரிப்பு. ஒடிசாவில் புகைபோக்கி அடுப்பு கொடுத்த வீடுகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன்பின் அந்தப் பலன் மறைந்தது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை என்பதுதான் காரணம். ஆகவே கட்டும்போதே குழாயின் அடியில் கையளவு கதவு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை, அடுப்பு முழுதாக ஆறியபின், கயிற்றில் சாக்குச் சுருளும் கல்லும் கட்டி மேலிருந்து இறக்கி இழுத்துக் கரியை அந்தக் கதவு வழியாக அள்ள வேண்டும். அடுப்பு வாயிலிருந்து புகை திரும்பி வருவதுதான் குழாய் அடைத்துவிட்டதன் முதல் அறிகுறி.

அடுப்பை மாற்ற மனமில்லாதவர்களுக்குக் கூண்டு இருக்கிறது. அடுப்புக்கு மேலே தகரத்தில் கவிழ்த்த கூம்பு. அடிப்பகுதி அடுப்பைவிட எல்லாப் பக்கமும் அரையடி பெரிதாக இருக்க வேண்டும், தலை முட்டாத அளவுக்கு எவ்வளவு தாழ இறக்க முடியுமோ அவ்வளவு இறக்க வேண்டும். இதில் அறைக் காற்றும் கலந்து போவதால் நாலங்குலக் குழாய் போதாது, எட்டங்குலம் வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதானால்

மின்சாரம் நிலையாக இருக்கிற வீட்டில் ஒன்பது அங்குல ஃபேன் நன்றாக வேலை செய்யும், அடுப்புக்கு மேலே கூரையடியில் வைத்து, எதிர்ப்பக்கம் கதவின் கீழோ தாழ்வான ஜன்னலிலோ காற்று வர வழி விட்டால். எதிரே எல்லாம் மூடியிருந்தால் ஃபேன் சத்தம் மட்டும் போடும். புகைபோக்கி உள்ள அறையில் கதவை மூடிக்கொண்டு ஃபேனைப் போடக் கூடாது. ஃபேன் காற்றைத் தேடும், புகைபோக்கி வழியாகவே உள்ளே இழுக்கும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாசனை கிடையாது. சமைக்கும்போது தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். புகையே தெரியாத கங்கிலும் இந்த வாயு உண்டு. மழைநாளில் கங்குச் சட்டியை மூடிய படுக்கையறையில் வைப்பது ஆபத்து.

ஒரு வீட்டுக் கணக்கு

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் சின்னம்மா வீட்டுச் சமையலறை பத்தடிக்கு எட்டடி. ஹாலோ பிளாக் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அடுப்பு தென்கிழக்கு மூலையில், சமைப்பது கிழக்கே பார்த்து. முகத்துக்கு நேரே கிழக்குச் சுவரில் ஜன்னல், முதுகுக்குப் பின்னால் மேற்கில் வாசல். எரிப்பது சீமைக்கருவேலம். ஆடியில் ஓரளவு பரவாயில்லை, கார்த்திகையில் கண்ணைத் திறக்க முடியாது. "ஜன்னலைப் பெருசாக்கினா போயிரும்ல?" என்று சின்னம்மா கேட்டார். பெரிதாக்கியிருந்தால் வாடைக்காற்று இன்னும் நிறைய வந்திருக்கும்.

கொத்தனாரிடம் மூன்று வேலை சொன்னோம். கூரையடியில் அடுப்புக்கு மேலே கிழக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு ஜாலி. வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு சின்னத் திறப்பு, கம்பி வலையோடு, காற்று பக்கவாட்டில் வர. மூன்றாவது கூண்டு. மூலை என்பதால் இரண்டு பக்கம் சுவரே அடைத்துவிட்டது, மற்ற இரண்டு பக்கத்துக்கு மட்டும் தகரம். எட்டங்குலக் குழாய் தெற்குச் சுவர் வழியாக வெளியே போய் ஷீட்டுக்கு மேலே ஏறியது. ஐப்பசி பிறந்தால் சமைக்கும் நேரம் மட்டும் கிழக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பது நாலாவது. அதைத்தான் சின்னம்மா முதலில் நம்பவில்லை, புகை நேரத்தில் ஜன்னலைச் சாத்துவார்களா என்று.

வேலைக்கு முன்பும் பின்பும் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. சமைப்பவரின் முக உயரத்தில் ஒரு வெள்ளைத் துணியை ஒரு வாரம் மாட்டி வையுங்கள். மாற்றத்துக்குப் பிறகு அதே இடத்தில், அதே விறகில், புதுத் துணி ஒரு வாரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் இரண்டாவது துணி நன்றாகவே வெளுப்பாக இருந்தது. சின்னம்மாவின் கண்ணெரிச்சல் பெரும்பாலும் நின்றது. தொண்டைக் கமறல் குறைந்ததே தவிர முழுதாகப் போகவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. புகைபோக்கியும் கூண்டும் புகையை வெளியே தள்ளுகின்றனவே தவிர இல்லாமல் ஆக்குவதில்லை. தெருவே விறகில் சமைத்தால் பக்கத்து வீட்டுப் புகை நம் வாசல் வழியாக வரும். தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு எடுத்த அளவீடுகளில், சமைப்பவர் மட்டுமல்ல, சமைக்காமல் வீட்டுக்குள் இருந்தவர்களும் புகையைச் சுவாசித்தது தெரிந்தது. அதனால் கேஸ் இருக்கிற வீட்டில் விறகை எதற்கு எரிக்கிறோம் என்று பட்டியல் போட்டுப் பார்ப்பது பயன் தரும். சின்னம்மா வீட்டில் அதிக நேரம் எரிந்தது சோற்றுக்கல்ல, வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும். அந்த அடுப்பைக் கொல்லையில், சமையலறை ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில், தனியாகப் போட்டுவிட்டார்கள். மிளகாய் வறுப்பதும் இப்போது அங்கேதான்.